சுபாங் ஜெயாவில் ஏன் புயல் சுழல்வதில்லை?

மாணவர்களே, டிசம்பரில் சென்னைக்குப் புயல் எச்சரிக்கை வருகிறது. நமக்கோ இடியும் மழையும்தான். இங்கும் கடல் சூடானது, காற்று ஈரமானது. பிறகு என்ன குறை?

வரைபடத்தில் சுபாங் ஜெயாவை நடுவாக வைத்து 100 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டக் கோட்டைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் கோட்டின் திசையில் காற்று வீசும் வேகத்தைத் துண்டின் நீளத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். வரும் தொகைதான் சுற்றோட்டம்.

கோடு முழுவதும் அளக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். வட்டத்தின் உட்பரப்பைத் தரை ஓடுகள்போல் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இடஞ்சுழியாகச் சுற்றிக் கணக்கிடுங்கள். பக்கத்துக் கட்டங்கள் இரண்டுக்கும் பொதுவான விளிம்பில் ஒருமுறை மேலே போகிறோம், மறுமுறை கீழே வருகிறோம். அவை அடிபட்டுப் போகும். மிஞ்சுவது வெளிவட்டம் மட்டுமே. ஆக, உள்ளே இருக்கும் சுழல்களின் கூட்டுத்தொகைதான் விளிம்பின் சுற்றோட்டம். இதுவே ஸ்டோக்ஸ் தேற்றம். 1854இல் கேம்பிரிட்ஜ் பரிசுத் தேர்வில் ஸ்டோக்ஸ் இதைக் கேள்வியாகவே கேட்டார். அதை எழுதியவர்களில் மேக்ஸ்வெல்லும் ஒருவர்!

இப்போது காற்றே வீசவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பூமியோடு சேர்ந்து நம் வட்டம் மெல்லச் சுழல்கிறது. துருவத்தில் இச்சுழற்சி முழுமையாக இருக்கும், நிலநடுக்கோட்டில் சுழியம். ஒரு சதுர மீட்டருக்கு உரிய சுழல் 2 × 0.0000729 × sin(அட்சரேகை). சுபாங் ஜெயா ஏறத்தாழ 3 பாகை வடக்கில் இருப்பதால் நமக்குக் கிடைப்பது 0.0000076. இதை வட்டத்தின் பரப்பால் பெருக்கிச் சுற்றளவால் வகுத்தால், விளிம்பில் சராசரி வேகம் விநாடிக்கு 0.38 மீட்டர்.

நடுவில் காற்று மேலெழும்போது சுற்றியுள்ள காற்று உள்ளே இழுக்கப்பட்டு வட்டம் சுருங்கும். உராய்வை விட்டுவிட்டால் சுற்றோட்டம் மாறாது. ஆரம் 10 கி.மீ. ஆனால் சுற்றளவு பத்தில் ஒன்றாகும், வேகம் பத்து மடங்காகும். அப்படியும் நமக்கு 3.8 மீட்டர்தான்; இலை அசையும், அவ்வளவே. 13 பாகையில் உள்ள சென்னைக்கு இதே கணக்கில் 16 மீட்டர், அதாவது மணிக்கு 59 கி.மீ. வரும்.

ஆனால் 2001 டிசம்பர் 27இல் 'வாமெய்' புயல் வெறும் 1.5 பாகையில் உருவாகி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அங்கே பூமி தருவது 1.9 மீட்டர்தான்! மீதி எங்கிருந்து வந்தது? அன்று காற்று சும்மா இருக்கவில்லை. போர்னியோ கரையோரம் ஏற்கெனவே உருவாகியிருந்த ஒரு சுழல் தென்சீனக் கடலுக்கு நகர்ந்து வந்தது. வடகிழக்குப் பருவக்காற்று பல நாள் பலமாக வீசி, குறுகிய கடலுக்குள் அதன் ஓரத்தை உரசித் திருப்பிக்கொண்டே இருந்தது. இந்த இரண்டும் தந்த சுழல், பூமி தந்ததைவிடப் பலமடங்கு அதிகம்.

அடுத்த பருவமழையில் காற்று வரைபடம் பார்த்தால், போர்னியோவுக்கு வடமேற்கே ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அம்புக்குறிகள் இடஞ்சுழியாகச் சுற்றுகின்றனவா?