குரல் எத்தனை நாளாகக் கேட்கிறது?

பிறழ்நிலை உளவியல் தாளுக்குப் படிக்கிற மாணவர்கள் அநேகமாக எல்லோரிடமும் ஓர் அட்டவணை இருக்கும். நோயின் பெயர், அறிகுறிகள், எவ்வளவு காலம் நீடிக்க வேண்டும், எதோடு குழப்பிக்கொள்வார்கள் என்று நான்கு கட்டங்கள். பல நோய்களுக்கு அறிகுறிக் கட்டத்தைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். திடீரென்று நெஞ்சு படபடத்துச் செத்துவிடுவோம் என்று பதறுகிறவரையும், அழுக்கு போகவில்லை என்று நாள் முழுக்கக் கை கழுவுகிறவரையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஸ்கிசோஃப்ரெனியா எனப்படும் மனச்சிதைவுக்கும் அதன் சுற்றத்துக்கும் வரும்போதுதான் சிக்கல். அங்கே அறிகுறிக் கட்டத்தில் எல்லா வரிசையிலும் ஏறக்குறைய ஒரே விஷயம்தான் எழுதியிருக்கும். எந்தப் பெயர் என்பதைக் காலண்டர் முடிவு செய்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு ஐந்து அறிகுறிகளைச் சொல்கிறது. எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் அசையாத பொய்நம்பிக்கை, இல்லாத குரல் கேட்பது போன்ற மாயப்புலன், கோவையற்ற பேச்சு, தாறுமாறான நடத்தை அல்லது உறைந்துபோன உடல்நிலை, கடைசியாக முகத்தில் உணர்ச்சியும் மனத்தில் முனைப்பும் வற்றிப்போவது. இவற்றில் இரண்டாவது இருக்க வேண்டும்; அந்த இரண்டில் ஒன்று முதல் மூன்றுக்குள் வர வேண்டும். போதைப்பொருளோ வேறு உடல்நோயோ காரணமில்லை என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு நாளுக்குக் குறையாமல் இருந்து, ஒரு மாதத்துக்குள் முழுக்கத் தெளிந்து பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அது குறுகிய கால மனப்பிறழ்வு. இதற்கு மட்டும் ஒரே அறிகுறி போதும். ஐந்தாவது அறிகுறி கணக்கில் வராது. ஒரு மாதம் தாண்டி ஆறு மாதத்துக்குள் என்றால் ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம். ஆறு மாதத்தைத் தொட்டு, படிப்பிலோ வேலையிலோ உறவிலோ தெளிவான சரிவும் தெரிந்தால் ஸ்கிசோஃப்ரெனியா.

இதைக் கேட்டதும் மாணவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு: ஆறு மாதமும் குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. முழு வேகத்தில் அறிகுறிகள் இருக்க வேண்டிய காலம் ஒரு மாதம்தான். மருந்து கொடுத்து அடக்கிவிட்டால் அதற்குக் குறைவாகவும் இருக்கலாம். மீதி மாதங்களில் முன்னோடியான மாற்றங்களும், பின்னால் மிஞ்சி நிற்கிற மந்தநிலையும் அடங்கும்.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். விடுதியில் தங்கிப் படிக்கும் இருபது வயதுப் பையனை ஜனவரி இரண்டாவது வாரத்தில் பெற்றோர் மருத்துவரிடம் அழைத்து வருகிறார்கள். டிசம்பர் தொடக்கத்திலிருந்து இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வது காதில் விழுகிறது என்கிறான். சாப்பாட்டில் யாரோ மருந்து கலக்கிறார்கள் என்று அறையிலேயே கிடக்கிறான். தேர்வில் இந்த அளவோடு வினா நின்றுவிட்டால் ஐந்து வாரம் ஆகிறது, ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம் என்று எழுதலாம். இன்னும் குணமாகாத நிலையில் பெயர் வைப்பதால் ‘தற்காலிகமாக’ என்ற அடைமொழியையும் சேர்க்க வேண்டும். இப்படித் தற்காலிகமாகப் பெயர் பெற்றவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஆறு மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள் என்று டிஎஸ்எம்-5 குறிப்பிடுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னால் பெயர் மாறுகிறது.

ஆனால் மருத்துவர் அம்மாவிடம் துருவிக் கேட்கிறார். “போன ஜூன்லேருந்தே சரியில்லைங்க. கிரிக்கெட் போறதை விட்டுட்டான். குளிக்கச் சொன்னா எரிஞ்சு விழுவான். நாலு பேப்பர்ல அரியர் விழுந்துது. வயசுப் பையன், யாரோ மேல ஆசைப்பட்டிருப்பான்னு விட்டுட்டோம்.” இந்த ஒரு பதிலில் கணக்கு மாறிவிட்டது. ஜூன் முதல் ஜனவரி வரை ஆறு மாதம் தாண்டிவிட்டது. படிப்பில் சரிவும் இருக்கிறது. இப்போது பெயர் ஸ்கிசோஃப்ரெனியா. நோயாளி சொன்னது துளியும் மாறவில்லை, வீட்டார் சொன்ன தேதிதான் மாற்றியது. கேஸ் ஹிஸ்டரி எடுக்கும்போது நோயாளியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது என்று பயிற்சியில் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இவ்வளவு கறாராக மாதம் எண்ணுவதற்குப் பின்னால் ஒரு பழைய சங்கடம் இருக்கிறது. 1960களின் இறுதியில் நியூயார்க், லண்டன் மருத்துவமனைகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நியூயார்க் மருத்துவர்கள் ஸ்கிசோஃப்ரெனியா என்று மிகத் தாராளமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் பலருக்கு மனநிலை நோய் என்று எழுதப்பட்டது. ஒரே மாதிரியான நேர்காணல் முறையில் ஆய்வாளர்களே நோயாளிகளைப் பார்த்தபோது இரு ஊருக்கும் இருந்த வித்தியாசம் பெருமளவு கரைந்துபோனது. வேறுபட்டது பெரும்பாலும் மருத்துவர்களின் வழக்கம்தான். 1972இல் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர்கள் ஆறு மாத நிபந்தனையோடு ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 1980இல் வந்த டிஎஸ்எம்-3 அந்த வழியில் நடந்தது. ஆறு என்ற எண்ணை உடம்புக்குள் யாரும் கண்டெடுக்கவில்லை. ஐந்தரை மாதத்துக்கும் ஆறரை மாதத்துக்கும் நடுவே மூளையில் ஏதோ கதவு சாத்திக்கொள்கிறது என்று நினைக்க வேண்டாம்.

அடுத்த குழப்பம் மனநிலை நோய் உள்ளே நுழையும்போது வருகிறது. என் பார்வையில் தாளிலேயே கடினமான ஜோடி இதுதான். மூன்று மாதமாகக் கடும் மனச்சோர்வில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ‘நீ பாவி’ என்று குரல் கேட்கிறது. சோர்வு விலகும்போது குரலும் கூடவே விலகிவிட்டால், அது மனப்பிறழ்வு அறிகுறிகளோடு கூடிய மனச்சோர்வு. சோர்வு போன பிறகும் குரல் மட்டும் மூன்று வாரம் நீடிக்கிறது என்று வையுங்கள். மனநிலைக் கோளாறு இல்லாத நேரத்தில் பொய்நம்பிக்கையோ மாயப்புலனோ இரண்டு வாரமாவது இருந்திருக்க வேண்டும் என்பது ஸ்கிசோஅஃபெக்டிவ் நோய்க்கான நிபந்தனை. அவருக்கு அது நிறைவேறுகிறது. சோர்வு இருந்தபோது மனச்சிதைவின் அறிகுறி நிபந்தனையும் சேர்ந்து நிறைவேறியிருந்தால் அந்தப் பெயர் பொருந்தும். அதே பெண்ணுக்கு இரண்டு ஆண்டு நோயில் சோர்வு அந்த மூன்று மாதம் மட்டுமே என்றால் அதுவும் நிற்காது. மனநிலைக் கோளாறு நோயின் மொத்தக் காலத்தில் பெரும்பகுதி இருக்க வேண்டுமே. அப்போது ஸ்கிசோஃப்ரெனியா பக்கம் சாய வேண்டியதுதான். இந்த வினாவுக்கு விடை எழுதும் முன் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, சோர்வு எந்த மாதம், குரல் எந்த மாதம் என்று குறித்துக்கொண்டால் விடை தானாகத் தெரியும்.

‘அந்நியன்’ படம் பார்த்தவர்கள் ஸ்கிசோஃப்ரெனியா என்றால் ஒரே ஆளுக்குள் பல ஆட்கள் என்று நினைப்பதுண்டு. அது முற்றிலும் வேறு நோய். அட்டவணையில் வேறு அத்தியாயத்தில் வரும்.

கடைசியாக, எந்தக் கையேட்டின்படி எழுதுகிறோம் என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 ஸ்கிசோஃப்ரெனியாவுக்கு ஆறு மாதம் கேட்பதில்லை. ஒரு மாதம் போதும். ஸ்கிசோஃப்ரெனிஃபார்முக்கு அதில் தனி வரிசையும் இல்லை. திடீரெனத் தொடங்கி, நாளுக்கு நாள் வடிவம் மாறி, மூன்று மாதத்துக்குள் அடங்குகிற மனப்பிறழ்வுக்கு அது தனிப் பெயர் வைத்திருக்கிறது. ஆக, முன்பு பார்த்த பையனுக்கு ஜூன் மாதத்துக் கதையே இல்லாமல் போனாலும், அறிகுறிகள் ஐந்து வாரமும் மாறாமல் நிலைத்திருந்தால் ஐசிடி-11 அவனுக்கு ஸ்கிசோஃப்ரெனியா என்று எழுதிவிடும். டிஎஸ்எம்-5 பொறுக்கச் சொல்லும். வினாத்தாளில் கையேட்டின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். இல்லையென்றால் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.