சிவந்த வரிகளில் எது குற்றவாளி?

நண்பர் ஒருவர் குரோமின் நெட்வொர்க் பலகையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். விண்ணப்பத்தில் சமர்ப்பி பொத்தானை அழுத்தினால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். படத்தில் இரண்டு வரிகள் சிவந்திருந்தன.

முதல் வரியின் Status பத்தியில் எண்ணே இல்லை. `(blocked:other)` என்று மட்டும் இருந்தது. எண் இல்லையென்றால் சர்வரின் பதில் பக்கத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். இங்கே கோரிக்கை கணினியை விட்டே வெளியேறவில்லை. கோப்பின் பெயர் `analytics.js`. விளம்பரத் தடுப்பான் மறித்திருக்கும். சிவப்பைக் கண்டதும் பலரும் இதைத்தான் துரத்துவார்கள். வீண் வேலை.

இரண்டாவது வரி `submit`, Status `504`. ஐந்நூறில் தொடங்கும் எண் சர்வர் பக்கத்துக் கோளாறு. 504 என்றால், வாசலில் நிற்கும் இடைநிலை சர்வர் உள்ளே வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, பதில் வராமல் கைவிட்டது என்று பொருள். சந்தேகத்தை உறுதியாக்கியது Time பத்திதான்: `1.0 min`. என்ஜின்எக்ஸ் மென்பொருள் உள்ளிருந்து பதில் வரக் காத்திருக்கும் இயல்புநிலை வரம்பு 60 விநாடி. இதுவே ஓரிரு விநாடியில் 502 என்று வந்திருந்தால், உள்ளே இருக்கும் நிரலே செத்துக் கிடக்கிறது என்று ஊகித்திருப்பேன்.

ஆக, மெதுவான டேட்டாபேஸ் தேடலோ, பதில் தராத வெளிச் சேவையோ காரணமாகலாம். எது என்பதை சர்வர் பதிவேடுதான் சொல்லும், படம் சொல்லாது. வாசல் கைவிட்ட பிறகும் உள்ளே வேலை முடிந்திருக்கக்கூடும். எனவே 504 கண்டால், விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள்.