ஊர் திரும்பியும் அட்டையில் பழைய விலாசமா?

உங்கள் கைப்பையிலிருக்கும் தேசிய அடையாள அட்டையை எடுத்து, அதிலுள்ள விலாசத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நீங்கள் இன்று குடியிருக்கும் வீடுதானா அது?

வன்னியில் பல முஸ்லிம் குடும்பங்களிடம் இக்கேள்விக்கு "இல்லை" என்பதே பதில். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு, கிளிநொச்சி பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் புத்தளம், அநுராதபுரம் பக்கம் சென்றன. அங்கே வளர்ந்த பிள்ளைகள் அங்கேயே அட்டை எடுத்தனர். 2009இல் யுத்தம் முடிந்தபின் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், நாச்சிக்குடா என்று ஊர் திரும்பியவர்கள் பலர். ஆள் வந்துவிட்டார், அட்டையிலோ புத்தளம்தான் இன்னும் இருக்கிறது.

வீட்டுத்திட்டம், காணி, பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்ப்பது என்று எதற்குப் போனாலும் "இங்கேதான் வசிக்கிறீர்களா?" என்ற கேள்வி வரும். அப்போது பழைய விலாசம் உங்களுக்கு எதிராகவே பேசும்.

முதற்படி எது?

பலரும் நேரே அட்டை விண்ணப்பத்தில் தொடங்குகிறார்கள். விண்ணப்பத்தை உறுதிப்படுத்தி ஒப்பமிட வேண்டியவர் நீங்கள் இப்போது வசிக்கும் பிரிவின் கிராம உத்தியோகத்தர். அவருடைய பதிவில் நீங்கள் இல்லாவிட்டால் அவர் எதை வைத்து ஒப்பமிடுவார்? ஆகவே, புத்தளத்தில் உங்கள் பெயரை நீக்கச் செய்து, புதிய பிரிவில் குடும்பத்தோடு பதிவதே முதல் வேலை. வாக்காளர் பட்டியல் திருத்தப்படும் காலத்தில் அதிலும் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் பெயர் கிடந்தால், இரண்டிலுமே சந்தேகம் எழும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இடம்பெயர்ந்தோர் சொந்த ஊரிலேயே வாக்காளராகப் பதிவதற்காக 2013இல் சிறப்பு ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. அப்படிப் பதிந்தவர் புத்தளத்தில் இருந்தபடியே முல்லைத்தீவு வாக்காளராக இருந்திருக்கலாம். எனவே பட்டியலில் பெயர் இருப்பது மட்டும், நீங்கள் இன்று அங்கே வசிக்கிறீர்கள் என்பதற்குப் போதாமல் போகலாம்.

எந்தக் கடதாசி செல்லும்?

ஒரு சகோதரியை உதாரணமாகக் கொள்வோம். அட்டை புத்தளத்தில் வாப்பாவின் வீட்டு விலாசத்தில் எடுத்தது. கலியாணம் முடித்து இப்போது கணவரோடு நீராவிப்பிட்டியில் இருக்கிறார். காணி அனுமதிப்பத்திரமும் மின்பட்டியலும் கணவரின் பெயரில். அவருடைய பெயரில் வீட்டுக் கடதாசி ஒன்றுமில்லை. இனி அவர் என்ன செய்வது?

அவர் கொண்டுபோக வேண்டியவை: பழைய அட்டை, பிறப்புச் சான்றிதழ், புதிய விலாசத்துக்கான கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ். இவற்றோடு கணவரின் அனுமதிப்பத்திரம் அல்லது மின்பட்டியல். அந்த வீட்டோடு தன்னை இணைத்துக் காட்டத் திருமணப் பதிவுச் சான்றிதழ். கணவர் பெயரிலுள்ள பட்டியல் மனைவிக்கும் சாட்சியாவது இந்தச் சான்றிதழால்தான். நிக்காஹ் பதிவாகாமல் இருந்தால் இந்த இடத்தில்தான் இடறும். முதலில் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். வாடகை வீடென்றால் வாடகை ஒப்பந்தம் உதவும். வந்து சேர்ந்த கடித உறை, கடைப் பற்றுச்சீட்டு போன்றவற்றை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்து எழுத்து விடயம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் திருமணச் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும். "பீவி", "பீபி" என்ற ஓரெழுத்து வித்தியாசமும் போதும். எல்லாக் கடதாசிகளையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வீட்டைவிட்டுப் புறப்படுங்கள். வித்தியாசம் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போகும். நம் உதாரணச் சகோதரிக்கு அது கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகம். அங்கிருந்து ஆட்பதிவுத் திணைக்களத்துக்குச் செல்லும். புகைப்படத்தைத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோவில் எடுத்து, அவர்கள் தரும் பற்றுச்சீட்டையும் இணையுங்கள். கட்டணமும் படிவமும் மாறக்கூடியவை. அன்றைய நிலவரத்தைப் பிரதேச செயலகத்திலேயே கேட்டறியுங்கள்.

பழைய அட்டையை ஒப்படைக்க வேண்டியிருப்பதால் புதியது வரும்வரை கையில் அட்டை இராது. வங்கி, பரீட்சை, பயண அலுவல்கள் இருந்தால் அவற்றை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அட்டையின் இரு பக்கத்தையும் போட்டோப் பிரதி எடுத்து, விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டோடு பத்திரமாக வையுங்கள்.

புதிய அட்டை கைக்கு வந்ததும் உடனே விலாசத்தை வாசியுங்கள். ஊர்ப்பெயரில் பிழை இருந்தால் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள்.