ஒரே வரப்பு, இரண்டு பாத்தி

இயற்கை உரத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களில் பெரும்பாலும் செழித்த வயல் ஒன்று மட்டும் வரும். பக்கத்து வயல் எப்படி இருந்தது, என்ன செலவானது என்பது வராது. பார்க்கிற விவசாயி முதலில் கேட்பது அதைத்தான். 2006-ல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, பிறகு தனி அமைப்பான டிஜிட்டல் கிரீன், விவசாயிகளையே நடிக்கவைத்து உள்ளூர்ப் பேச்சில் படம் எடுத்தது. அதைப் பார்த்தவர்கள் முதலில் விசாரித்தது, படத்தில் பேசுகிறவர் யார், எந்த ஊர் என்பதையே. நம் பக்கத்து ஊர்க்காரர் பேசினால்தான் காது கொடுப்பார்கள்.

ஆகவே ஒன்றரை நிமிட வீடியோவுக்கு வேலை வயலில் தொடங்குகிறது. இருபது சென்ட் நெல் வயலை நடுவில் வரப்பு போட்டு இரண்டு பாத்தியாக்குங்கள். ரகம், நாற்றின் வயது, நட்ட நாள், மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. ஒரு பாத்தியில் யூரியா முழு அளவு. மற்றதில் மண்புழு உரம் 200 கிலோ, யூரியா பாதி. மடை தனித்தனியாக இருக்கவேண்டும். ஒரு பாத்தியின் தண்ணீர் அடுத்ததில் வடிந்தால் யூரியாவும் கூடவே போய்விடும், பிறகு ஒப்பிடவே முடியாது. முன்பு ஆட்டுக்கிடை போட்ட இடமோ, மரநிழல் விழும் ஓரமோ ஒரு பாத்தியில் மட்டும் இருந்தால் அந்த வயலை விட்டுவிடுவது நல்லது.

படம் எடுக்க நடு வரப்பில் ஒரு குச்சி நட்டு, ஒவ்வொரு தடவையும் அங்கேயே நில்லுங்கள். இரண்டு பாத்தியும் ஒரே காட்சிக்குள் வரவேண்டும். தனித்தனியாக எடுத்தால் செல்போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும். ஒரே பச்சை இரண்டு பச்சையாகத் தெரியும். காலை வெயில் ஏறுமுன் எடுங்கள். காற்று இரைச்சலுக்கு இயர்போன் மைக்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டால் போதும்.

நட்டு மூன்றாவது வாரம் முக்கியமான காட்சி வரும். பாதி யூரியா போட்ட பாத்தி வெளிறித் தெரியும். இதைத்தான் பலர் வெட்டி எறிகிறார்கள். மண்புழு உரத்தில் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோதான் தழைச்சத்து. அதிலும் பெரும்பகுதி நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகே பயிருக்குக் கிடைக்கும். யூரியாவில் 46 பங்கு, அதுவும் சில நாளிலேயே. வீடியோவில் அதை ஒளிக்காமல் இப்படிச் சொல்லலாம்:

"நட்டு 22 நாளாச்சு. இந்தப் பக்கம் முழு யூரியா, கரும்பச்சையா இருக்கு. அந்தப் பக்கம் மண்புழு உரம் போட்டு யூரியாவைப் பாதியாக் குறைச்சிருக்கோம், கொஞ்சம் வெளிறித்தான் இருக்கு. மக்குன உரத்துல சத்து மெதுவாத்தான் இறங்கும். இலை ரொம்ப மஞ்சளாச்சுன்னா நிறுத்தி யோசிங்க."

இந்த வார்த்தை முன்பே காதில் விழாத விவசாயி, தன் வயலில் மஞ்சளைப் பார்த்த அன்றே கடைக்குப் போய் ஒரு மூட்டை யூரியா வாங்கி வீசுவார். இயற்கை உரத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போவது அந்த நாளில்தான்.

பூட்டைக் காலத்தில் தூரை எண்ணிக் காட்டுங்கள். செழித்த தூரைப் பொறுக்கி எடுக்காமல், கண்ணை மூடிக் கயிறு எறிந்து விழுந்த இடத்துப் பத்துக் குத்தை எண்ணுவது நியாயம். அறுவடையன்று இரண்டு பாத்தியிலும் நடுப்பகுதியில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து, தட்டி, தூற்றி, வெயிலில் காயவைத்துத் தராசில் நிறுத்துங்கள். பச்சை நெல்லை நிறுத்தால் ஈரம் எடையாகிவிடும். அந்தச் சதுரத்தில் 15 கிலோ வந்தால் ஏக்கர் கணக்குக்கு 162-ஆல் பெருக்கவேண்டும், 2,430 கிலோ. தராசு முள் கேமராவில் தெரியட்டும். எடை குறைவாக வந்தாலும் அதையே காட்டுங்கள்.

கடைசி இருபது நொடி செலவுக்கு. தழைச்சத்து ஏக்கருக்கு 60 கிலோ என்று எடுத்தால் பத்து சென்டுக்கு யூரியா 13 கிலோ. பாதியைக் குறைத்தால் மிச்சம் 6.5 கிலோ. 45 கிலோ மூட்டை 266.50 ரூபாய் விலையில் அது சுமார் 38 ரூபாய். மண்புழு உரம் கிலோ எட்டு ரூபாய் என்றால் 200 கிலோவுக்கு 1,600 ரூபாய். வாங்கிப் போடுகிற நெல் விவசாயிக்கு யூரியா மிச்சம் மட்டும் இந்தச் செலவை ஈடுகட்டாது. மாடு வைத்திருந்து, சாணியையும் சருகையும் தொட்டியில் தானே மக்கவைப்பவருக்கு இது உழைப்புக் கணக்காக மாறும். இந்த வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "வீட்ல மாடு இருக்கிறவங்க இத பண்ணுங்க. காசு குடுத்து வாங்குறவங்க மொத வருசம் காய்கறிப் பாத்தியில போட்டுப் பாருங்க, நெல்லுல வேண்டாம்."