கசிவா, ஓதமா, வியர்வையா?

சென்னை போன்ற ஊரில் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். மே மாதம் ஒரு அடுக்குமாடியின் பேஸ்மென்ட் சங்கத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. சுவர் சுக்காகக் காய்ந்திருக்கிறது. நவம்பரில், தளமும் சுவரும் சேரும் இணைப்பை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஈரத் திட்டு. ஒப்பந்தத்தில் இருப்பது ஒரே வரி: “சுவர் முழுமையாக நீர்புகாததாக இருக்க வேண்டும்.” ஒப்பந்தக்காரர் சொல்கிறார்: “சார், இது கசிவு இல்லை, வெறும் ஓதம்.” அந்த வரியை வைத்துக்கொண்டு அவரை மறுக்க வழியில்லை.

மூன்றும் வேறு வேறு. வெளித்தண்ணீர் துளியாகத் திரண்டு வழிந்தால் கசிவு. சுவர் நிறம் மாறி, தொட்டால் கை ஈரமாகி, ஆனால் வழியாமல் நின்றால் ஓதம். உள்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்தால் வியர்வை. அது காற்றோட்டக் குறை, வாட்டர்ப்ரூஃபிங் குறை அல்ல. எது என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்தால் அது சுவரிலிருந்து வருகிறது. முன்பக்கம் மட்டும் நனைந்தால் வியர்வை.

பிரிட்டனின் பிஎஸ் 8102 தர வரையறை இந்தப் பிரிவினையைத்தான் செய்கிறது. 2022 பதிப்பில், அதன் முதல் தரத்தின் ஒரு பிரிவு, பயன்பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாத கசிவைப் பொறுக்கிறது. மற்றொன்று ஓதத்தை மட்டும் பொறுக்கிறது. மூன்றாம் தரம் ஈரமே கூடாது என்கிறது. கார் நிறுத்த ஓதம் போதும் என்றால் அப்படியே எழுதலாம். மின்பலகை அறைக்கு அது போதாது, தனியே எழுத வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு தண்ணீருக்கு எதிராக? மே மாதச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. நிலத்தடி நீர் கீழே இருந்தது. கட்டும்போது ஓடிய பம்ப்பும் சுவருக்கு அழுத்தமே வராமல் பார்த்துக்கொண்டது. அடிமட்டத்துக்கு மேல் 2.5 மீட்டர் தண்ணீர் நின்றால், சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு 2.5 டன் அழுத்தம். ஆகவே அந்த வரியை நான் இப்படி எழுதுவேன்:

“வெளிநீர் தரைமட்டம் வரை உயர்ந்தாலும் கார் நிறுத்தும் பகுதிச் சுவரில் துளியோ வழிதலோ கூடாது. ஓதத் திட்டு ஒவ்வொன்றும் 0.1 சதுர மீட்டருக்குள் அடங்க வேண்டும். பம்ப்பை நிறுத்திய பின், ஒரு வடகிழக்குப் பருவமழை முழுதும் இரு தரப்பும் சேர்ந்து மாதம் இருமுறை பார்த்துப் பதிய வேண்டும்.”

அந்த 0.1 பேசி முடிவு செய்யும் எண், 0.2 ஆகவும் இருக்கலாம். டேப் வைத்து அளக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். இதோடு “இன்ன நிறுவனச் சவ்வை இன்ன தடிமனில் ஒட்டு” என்றும் கட்டளையிட்டால், “நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன்” என்ற பதிலுக்கு இடம் கொடுத்தாகிவிடும். பலனைக் கேட்டால், பொருளைத் தேர்வது அவர் பொறுப்பு என்று எழுதிவிடுவதே நல்லது.

பழுதுபார்ப்புக்கும் ஒரு வரி வேண்டும். துளையிட்டு ரெசின் செலுத்தி ஓரிடத்தை அடைத்தால், தண்ணீர் சற்றுத் தள்ளி வேறிடத்தில் தலைகாட்டுவதுண்டு. அதனால் அடைத்த நாளோடு கணக்கு முடியாது. அடுத்த பருவமழை முடியும்வரை பிடித்தம் தொகை விடுவிக்கப்படாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.