12M என்றால் 12 மில்லி இல்லை

2024 ஆடிப்பூரத்துக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பின அன்னிக்குத்தான் அத்தை அந்தக் க்ரீம் டப்பாவைத் திறந்தாங்க. கண்ணோரம் தடவுற க்ரீம். அடியில் ‘யூஸ் பிஃபோர் 02/2027’னு இருக்கு, அதனால இன்னமும் தடவுறாங்க.

ஆனால் அந்தத் தேதி திறக்காத டப்பாவுக்கு. பக்கத்திலேயே மூடி திறந்த டப்பா படம் ஒன்று, அதில் 12M. அத்தை அதை 12 மில்லின்னு நினைச்சிருக்காங்க (டப்பா என்னவோ 50 கிராம்!). அர்த்தம், திறந்த நாளிலிருந்து 12 மாதம். இரண்டில் எது முந்துதோ அதுதான் கெடு. ஆக, 2025 ஆகஸ்டோடு முடிந்தது.

விரலை விட்டு எடுக்க எடுக்க ஈரமும் கிருமியும் உள்ளே போகும். கெடாமல் காக்கிற பிரிசர்வேட்டிவ் ஓரளவுக்குத்தான் தாங்கும். பிதுக்கும் டியூபில் இந்தத் தொல்லை குறைவு. வாடை மாறினாலோ தண்ணீர் பிரிந்தாலோ, கெடுவுக்கு முன்பே தூக்கிப் போடணும். வாடை மாறாமலும் கிருமி இருக்கலாம். திறந்த தேதி டப்பாவில் அச்சாகி வராது. அதை மார்க்கரால் நாமேதான் அடியில் எழுதி வைக்கணும்.