ஹெல்மெட்டைக் கழற்றினாலும் முடி நிற்கணுமா? ஜெல், வேக்ஸ், கிளே, பொமேட்: எது சரி?

மாசாயிலிருந்து பாசிர் கூடாங்குக்கோ பாலம் கடந்து சிங்கப்பூருக்கோ மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் ஹெல்மெட்டையும் வியர்வையையும் யோசித்துத்தான் வாங்கணும்.

ஜெல் காய்ந்ததும் முடியைச் சுற்றி விறைப்பான படலமாகிவிடும். ஹெல்மெட் அழுத்தினால் அந்தப் படலம் உடைந்து, பொடுகு மாதிரி வெள்ளையாக உதிரும். பிறகு கோதினாலும் முடி சரியாக நிற்காது.

வேக்ஸ் அப்படி இறுகுவதில்லை. அதிலுள்ள மெழுகு மென்மையாகவே இருப்பதால், விரலால் கோதி மறுபடி நிறுத்தலாம். ஆனால் எண்ணெய்ப்பசையுள்ள முடியில் அது சீக்கிரம் படிந்துவிடும்.

கிளேயில் மெழுகோடு களிமண்ணும் உண்டு. களிமண் எண்ணெய்ப்பசையை உறிஞ்சும்; பளபளப்பில்லாமல் முடியை அடர்த்தியாகக் காட்டும். அதனால் குட்டை முடிக்கும் ஹெல்மெட்டுக்கும் இதுதான் பொருத்தம்.

வகிடெடுத்து, பளபளவென்று படிய வாரினால் பொமேட் எடுங்கள். எண்ணெய் வகை ஒரே ஷாம்பூவில் போகாது. நெற்றியில் பருவும் வரலாம். தண்ணீர் வகை எளிதில் கழுவிவிடும்.

கிளே போடும்போது முடி நன்றாகக் காய்ந்திருக்கணும். பட்டாணி அளவு எடுத்து, கட்டியில்லாமல் உள்ளங்கையில் தேயுங்கள். பின்பக்கம் முதலில், முன்பக்கம் கடைசியில். முடி கொத்துக்கொத்தாக ஒட்டி, தலைத்தோல் தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். தலை வியர்வையில் நனைந்துவிட்டால் கிளேயும் தாங்காது. முதலில் துடைத்துக் காயவிட்டு, பிறகு கோதுங்கள்.